பத்துமலையில் இருந்த கல் எங்கே போச்சு?

பத்துமலையில் 272 படி ஏறி முடித்தவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள். அடுத்து, கையில் இருக்கும் வாழைப்பழத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவார்கள். அதற்கப்புறம்தான் சாமி. நான் போன மாதம் டியூஷன் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு போனபோது, மேலே சேர்ந்ததும் கூரையைப் பார்க்கச் சொன்னேன். எல்லாரும் இரண்டாம் படிவம் படிக்கிறவர்கள். தைப்பூசத்துக்குப் பத்துத் தடவையாவது வந்திருப்பார்கள், ஆனால் ஒருவர்கூட அண்ணாந்து பார்த்ததில்லையாம். அங்கே குகையின் உச்சி ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளியே நிற்கும் 42.7 மீட்டர் முருகனை ஒருவர்மேல் ஒருவராக இரண்டு பேர் நிறுத்தினாலும் தலை இடிக்காது.

"இவ்வளவு பெரிய இடம் காலியா இருக்கு. இதுக்குள்ள இருந்த கல் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"வெட்டி எடுத்துட்டாங்க சார்" என்றாள் ஒருத்தி. கேலி செய்ய முடியாத பதில் அது. இதே மலையின் வேறு பக்கங்களில் கல்லுடைத்தார்கள், 1980 வாக்கில்தான் நிறுத்தினார்கள். ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் உளி படவில்லை. இன்னொருவன், "பூகம்பம்?" என்றான். கடைசியில் ஒரு பையன் சந்தேகத்தோடு, "தண்ணில கரைஞ்சிருக்குமா சார்?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கல் என்ன சீனியா?

சிரித்தது சரிதான். வெறும் தண்ணீரில் சுண்ணாம்புக்கல் கரைவது மிக மிகக் கொஞ்சம். ஒரு லிட்டருக்குப் பதினைந்து மில்லிகிராம்கூடத் தேறாது. குகையைக் குடைய அந்தத் தண்ணீருக்கு ஒரு கூட்டாளி வேண்டும். அது நாம் மூச்சில் வெளியே விடும் கரியமில வாயு.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் செய்தோம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சுண்ணாம்பை மட்டும் கடையில் புதிதாக வாங்கினேன். பழையது காற்றுப்பட்டுக் காய்ந்து போயிருந்தால் வேலைக்கு ஆகாது. ஒரு கரண்டி சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் பதமாக ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொள்ளலாம். அதற்குள் உறிஞ்சுகுழலை விட்டு ஊதுவது முதல் கட்டம். (ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக்கூடாது. சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் இன்னும் மோசம். நான் கண்ணாடி போட வைத்துத்தான் ஊதச் சொன்னேன்.)

அரை நிமிடத்தில் தெளிநீர் பால் மாதிரி வெளுத்தது. மூச்சில் இருந்த கரியமில வாயு, கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது. பத்துமலையே கால்சியம் கார்பனேட்தான், CaCO3. அதாவது குவளைக்குள் மிதப்பது மாவாக அரைத்த மலை.

இரண்டாவது கட்டத்தில்தான் நிறையப் பேர் தோற்றுப்போகிறார்கள். பாடத்தில், "தொடர்ந்து ஊதினால் பால் நிறம் மறைந்து தெளியும்" என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் ஊதுவார்கள், ஊதுவார்கள், கன்னம் வலிக்கும், தெளியாது. காரணம் மூச்சு பலவீனமானது என்பதுதான். நாம் விடும் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்குதான் கரியமில வாயு. குவளையில் இருக்கும் அவ்வளவு வெண்பொடியையும் கரைக்க அது போதாது. ஆகவே நான் கடையில் விற்கும் வெறும் சோடா ஒரு போத்தல் வாங்கி வைத்திருந்தேன். வெளுத்த நீர் ஒரு பங்கு, குளிர்ந்த சோடா நாலு பங்கு. ஊற்றிக் கலக்கியதும் பால் மறைந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. பிள்ளைகள் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். கீழே எதுவும் படியவில்லை. கல் கரைந்துவிட்டது.

நடந்ததைக் குறியீட்டில் எழுதினால் இவ்வளவுதான்:

```
CaCO3 + H2O + CO2 ⇌ Ca(HCO3)2
```

இடப்பக்கம் இருப்பது கல், தண்ணீர், கரியமில வாயு. வலப்பக்கம் இருப்பது கால்சியம் பைகார்பனேட், கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்து கிடக்கும் பொருள். நடுவில் இருக்கும் குறியைப் பார்க்க வேண்டும். அம்பு இரண்டு பக்கமும் போகிறது. கரியமில வாயு வந்து சேர்ந்தால் கல் கரையும். வாயு விட்டுப்போனால் கரைந்தது மறுபடி கல்லாகும். மூன்றாவது கட்டமாக அந்தத் தெளிந்த நீரை ஒரு சின்னச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தோம். சூட்டில் வாயு வெளியேற, கொதி வருவதற்குள் தண்ணீர் மீண்டும் வெளுத்தது. சட்டியின் ஓரத்தில் வெள்ளை வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கிணற்று நீர் கொதித்த கேத்தல்களில் கட்டிக்கட்டியாகப் படிந்திருப்பதும் இதுதான், அந்த ஊரே சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

சோடா ஊற்றியது குகை. அடுப்பில் வைத்தது குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது. மீதிக் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சரி, மலைக்குச் சோடா யார் ஊற்றினார்கள்? மழை என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடுதான். அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு விழும் மழைநீர் ஒரு லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் அளவுக்குக் கல்லைக் கரைக்கும், அவ்வளவுதான். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் காற்று வேறு. அங்கே வேர்கள் மூச்சு விடுகின்றன. உதிர்ந்த இலையைத் தின்னும் பூஞ்சையும் நுண்ணுயிரும் மூச்சு விடுகின்றன. நம் ஊர் வெப்பத்தில், ஈரத்தில், மண்காற்றில் கரியமில வாயு ஒன்றிலிருந்து சில விழுக்காடு வரை ஏறிவிடும். மழைநீர் அந்த மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கிப் போனாலே அதன் பலம் மூன்று நாலு மடங்காகிவிடுகிறது. மூன்று விழுக்காடு வாயு உள்ள மண்ணைக் கடந்த நீர், லிட்டருக்கு இருநூறு மில்லிகிராமுக்கு மேல் கல்லைக் கரைக்க முடியும். பத்துமலையின் தலையில் பச்சைப்பசேலென்று ஒரு காடு நிற்கிறதே, அந்தக் காடுதான் மலையைக் கரைக்கும் சோடா ஆலை.

இங்கே பிள்ளைகள் ஒரு கணக்குப் போட்டார்கள். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேலே மரமும் வெயிலும் மறுபடி ஆவியாக்கிவிடும். ஆயிரம் மில்லிமீட்டர் மட்டும் கல்லுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு அது ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு இருநூறு மில்லிகிராம் என்றால் மொத்தம் இருநூறு கிராம் கல், ஒரு சதுர மீட்டரிலிருந்து ஓர் ஆண்டில். சுண்ணாம்புக்கல் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம், ஆகவே இருநூறு கிராம் என்பது எழுபத்துநாலு கன சென்டிமீட்டர். அதை ஒரு சதுர மீட்டருக்குப் பரப்பினால் கனம் 0.07 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி அளவு.

"இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்தார்கள். ஆயிரத்தால் பெருக்கச் சொன்னேன். ஏழு சென்டிமீட்டர். பத்து லட்சத்தால் பெருக்கச் சொன்னேன். எழுபது மீட்டர். பத்து லட்சம் ஆண்டு என்பது இந்தக் கல்லுக்குப் பெரிய காலம் இல்லை. கடலடியில் சிப்பியும் பவளமும் சேறுமாகப் படிந்து அது உருவாகி ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டு ஆகிறது.

ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, முதலில் பூகம்பம் என்று சொன்ன பையன். "மேலேயே எல்லாத்தையும் கரைச்சிட்டு நிறைஞ்சு போச்சுன்னா, அந்தத் தண்ணி உள்ள வந்து எப்படி சார் குகை தோண்டும்?"

நல்ல கேள்வி. நிலவியல் படித்தவர்களையே வெகுகாலம் உறுத்திய கேள்வி அது. மண்ணிலிருந்து இறங்கும் நீர் பசியோடு இருக்கிறது. மேல்பகுதிக் கல்லிலேயே பெரும்பாலும் தின்று வயிறு நிரம்பிவிடுகிறது. அதனால்தான் சுண்ணாம்பு மலைகளின் உச்சி கத்தி கத்தியாக, பள்ளம் பள்ளமாக இருக்கும், கால் வைத்து நடக்க முடியாது. ஆனால் வயிறு முழுவதும் நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் மந்தமாகிவிடும். கடைசிக் கவளங்களை மிக மெதுவாகத்தான் தின்னும். அந்த மந்தம்தான் குகைக்கு வழி. இன்னும் கொஞ்சம் பசி மிச்சம் இருக்கும் நிலையிலேயே தண்ணீர் விரிசல் வழியாக நெடுந்தூரம் உள்ளே போய்விடுகிறது. போகிற வழியெல்லாம் முடி முடியாகச் சுரண்டுகிறது.

பத்துமலைக் கல் கெட்டியானது. பூமிக்குள் சூடுபட்டுப் பளிங்கு போலாகிவிட்டது, உடைத்துப் பார்த்தால் சீனிக்கட்டி மாதிரி மினுங்கும். அதன் உடம்புக்குள் தண்ணீர் ஊறாது. விரிசல்களில் மட்டும்தான் போகும். பல ஆயிரம் ஆண்டுகள் எல்லா விரிசலும் தாள் கனத்தில் கசிந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று தற்செயலாகக் கொஞ்சம் அகலமாக இருந்தால் அதில் தண்ணீர் கொஞ்சம் வேகமாகப் போகும். வேகமாகப் போனால் பசியோடு இன்னும் ஆழம் போகும், இன்னும் அகலமாக்கும். விரல் நுழையும் அளவு வந்துவிட்டால் அப்புறம் போட்டியே இல்லை. பக்கத்து விரிசல்களின் தண்ணீரெல்லாம் இதற்குள் வந்து விழும். குகை என்பது ஜெயித்த விரிசல்.

அத்தோடு அடிவாரத்திலிருந்து வேறொரு தண்ணீரும் வந்தது. கோலாலம்பூரைச் சுற்றியிருக்கும் பெரிய மலைகள் கருங்கல். அங்கிருந்து ஓடிவரும் ஆற்று நீரில் சுண்ணாம்பே கிடையாது, முழுப் பசியோடு வருகிறது. அது சுண்ணாம்பு மலையின் காலைத் தொட்டால் தின்னத் தொடங்கிவிடும். ஈப்போ பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது பாருங்கள், செங்குத்தாக நிற்கும் மலைகள் பலவற்றின் அடி உள்வாங்கியிருக்கும், யாரோ கடித்த மாதிரி. சதுப்பு நீர் நின்ற மட்டம் அது. பெரிய குகைகளும் அப்படி நிலத்தடி நீர் நின்ற, ஓடிய மட்டத்தில் உருவானவைதான். பிறகு சுற்றியுள்ள தரை மெல்ல மெல்லத் தாழ்ந்தது, நீர்மட்டமும் கூடவே இறங்கிவிட்டது, குகை மட்டும் மேலே தங்கிவிட்டது. நாம் ஏறுகிற 272 படியும் தரை தாழ்ந்த கதைதான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: கல் கிள்ளான் துறைமுகத்துக்குப் போச்சு. மலைக்கு அருகே ஓடும் சுங்கை பத்து கொம்பாக் ஆற்றோடும், அது கிள்ளான் ஆற்றோடும் சேர்ந்து மலாக்கா நீரிணையில் விழுகிறது. குகையில் இருந்த கல் கண்ணுக்குத் தெரியாமல் அந்த வழியே கடலுக்குப் போய், அங்கே யாரோ ஒரு சிப்பிக்கு ஓடாக ஆகியிருக்கும். (போகிறபோக்கில்: 'பத்து' என்றால் மலாயில் கல். பத்து மலைகளை எண்ணித் தேடி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

தண்ணீர் வடிந்து குகைக்குள் காற்று புகுந்த பிறகுதான் கல்விழுது வளரத் தொடங்க முடியும். இந்த வரிசை முக்கியம். நீர் நிறைந்திருக்கும்போது குகை அகலமாகிறது, நீர் போனபின் அலங்காரம் நடக்கிறது. கூரையில் ஒரு துளி வந்து தொங்குகிறது. அது மண்ணிலிருந்து அதிகக் கரியமில வாயுவோடும் வயிறு நிறையக் கல்லோடும் வந்த துளி. குகைக்காற்றில் வாயு குறைவு. சோடாப் போத்தலைத் திறந்தால் நுரைத்து வெளியேறுவது போல, துளியிலிருந்தும் வாயு சத்தமில்லாமல் வெளியேறுகிறது. அம்பு இடப்பக்கம் திரும்புகிறது. துளியின் விளிம்பில் மெல்லிய ஒரு வெண்வளையம் படிகிறது. துளி விழுந்துவிடுகிறது, வளையம் நிற்கிறது. அடுத்த துளி அதே வளையத்தில் வந்து தொங்குகிறது.

துளி காய்ந்து போவதால்தான் கல்விழுது உண்டாகிறது என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைத்துவிடுவேன். ஆழமான குகைகளில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும், அங்கே துளி காய்வதே இல்லை. காய்ந்து படிவது குகை வாயில் ஓரத்தில், காற்றோட்டம் உள்ள இடத்தில். அந்த விழுதுகள் வேறு மாதிரி இருக்கும். உப்பி, பொருக்குப் பொருக்காக, பாசி பிடித்துப் பச்சையாக, சில வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்தும்கூட. பத்துமலைக் கோயில் குகை இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதால் அங்கே இந்த வகையை நிறையப் பார்க்கலாம்.

வளையத்தின் மேல் வளையமாகப் படிந்தால் கிடைப்பது ஒரு குழாய். கல்விழுது பிறக்கும்போது திடமானது இல்லை, உள்ளே துளையுள்ள உறிஞ்சுகுழல். குறுக்களவு ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர், அதாவது ஒரு தொங்கும் துளியின் அகலம். சுவர் முட்டையோடு மாதிரி மெல்லியது, விரல் பட்டாலே உடையும். பிறகு ஒருநாள் மணலோ படிகமோ துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் வெளிப்பக்கமாக வழியத் தொடங்கும். அப்போதுதான் அது மேலே தடித்து, கீழே கூர்ந்து, கேரட் வடிவத்துக்கு வருகிறது. உடைந்த விழுதின் வெட்டுமுகத்தில் நடுவே சின்னத் துளையும் சுற்றி மரத்தண்டு போல வளையங்களும் தெரியும். கீழே விழும் துளியிடம் இன்னும் கொஞ்சம் சரக்கு மிச்சம் இருக்கும். தரையில் மோதிச் சிதறும்போது மீதி வாயுவும் போய்விட, அங்கே கல்முளை எழுகிறது. சிதறிப் படிவதால் அதற்குத் துளையும் இல்லை, கூர்முனையும் இல்லை. மொழுக்கென்று குட்டையாக, தடியாக இருக்கும்.

எவ்வளவு மெதுவாக? ஒரு துளி 0.05 மில்லிலிட்டர் என்று வைப்போம். அது லிட்டருக்கு நூறு மில்லிகிராம் என்ற கணக்கில் கல்லை விட்டுப்போனால், ஒரு துளி விடுவது 0.005 மில்லிகிராம். ஒரு கிராம் சேர இரண்டு லட்சம் துளி. நிமிடத்துக்கு ஒரு துளி ஓயாமல் சொட்டினால் ஆண்டுக்கு ஐந்தேகால் லட்சம் துளி, இரண்டரை கிராம் கல். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் மேலே விழுதுக்கும் கீழே முளைக்கும் பங்கு பிரிந்துவிடும். குகைக்குக் குகை, துளிக்குத் துளி வேகம் மாறும் என்றாலும், நீளம் ஆண்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லக்கூடிய அளவு.

கோயில் குகையின் பின்பக்கத்தில் இன்னும் சில படி ஏறினால் தலைக்கு மேலே வானம். பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் பிடித்தது. செடிகள் விளிம்பிலிருந்து தொங்க, வெயில் தூணாக இறங்குகிறது. அங்கே கூரை இருந்திருக்கிறது, விழுந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் அது மலையில் விழுந்த ஒரு பொத்தல். சிங்க்ஹோல் என்று செய்திகளில் வருவதன் ஒரு வகை இது. குகை மேல்நோக்கி வளர்ந்து, கூரை மெலிந்து, தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் இடிந்துவிடுவது. இந்த வகை அபூர்வம். ஒரு மனிதர் ஆயுளில் பார்ப்பது அரிது.

நம் வீட்டு வாசலில், சாலையில் திடீரென்று வாய் திறப்பது இரண்டாவது வகை. இதில்தான் பெரிய குழப்பம். "சுண்ணாம்புக்கல் கரைந்து பள்ளம் விழுந்தது" என்று செய்தியில் படித்ததும் பிள்ளைகள் 0.07 மில்லிமீட்டரை நினைத்துப் பார்த்துவிட்டு, "அப்படின்னா எப்படி சார் ஒரே ராத்திரியில?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஒரே ராத்திரியில் கல் கரைவதில்லை. மண் நகர்கிறது.

கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும், ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்குக்கு அடியிலும் பத்துமலை மாதிரியே சுண்ணாம்புக்கல் இருக்கிறது, மேலே ஆற்று மண் போர்த்தியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் கல்லின் மேற்பரப்பு சமமானது இல்லை. அந்தக் காலத்து ஈயக்குட்டைகளில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை எடுத்தபோது அடியில் வெளிப்பட்டது சமதரை இல்லை. கூம்பு கூம்பாக நிற்கும் கற்களும் அவற்றுக்கு இடையில் ஆழமான பிளவுகளும்தான். ஈய மணல் அந்தப் பிளவுகளில்தான் தங்கியிருந்தது. பிளவுகளின் அடியில் குகை வாய்கள் உண்டு. பிளவுக்கு மேலே இருக்கும் களிமண் ஒரு வளைவு மாதிரி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். அடியில் இருக்கும் நிலத்தடி நீரும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அந்த நீர்மட்டம் இறங்கினால் தாங்கல் போய்விடுகிறது. வளைவின் அடியிலிருந்து மண் கட்டிக்கட்டியாகப் பிளவுக்குள் விழுகிறது. மேலிருந்து உடைந்த சாக்கடைக் குழாய் நீர் இறங்கினால் விழுந்ததைக் கழுவிக் குகைக்குள் கொண்டுபோய்விடுகிறது, அடுத்ததற்கு இடம் காலியாகிறது. மண்ணுக்குள் ஒரு வெற்றிடம் கீழிருந்து மேலாக ஏறி வருகிறது. தார்ச்சாலை மட்டும் மூடி மாதிரி மிச்சம் இருக்கும்போது ஒரு லாரி போகிறது. அவ்வளவுதான். கல் தயாராக ஆயிரக்கணக்கான ஆண்டுகள், மண் மேலே ஏறச் சில மாதமோ சில ஆண்டோ, மூடி விழ ஒரு நொடி.

நீர்மட்டத்தை இறக்குவது என்ன செய்யும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பகுதி பெரிய சாட்சி. ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல்லின் உறவுக்கல்லான டோலமைட்டிலிருந்து சுரங்கத்துக்காக நீரை இறைத்து எடுத்தார்கள். 1962 டிசம்பரில் கல் நொறுக்கும் ஆலை ஒன்று முழுதாக நிலத்துக்குள் போய் 29 பேர் இறந்தார்கள். நம் ஊரில் ஸ்மார்ட் சுரங்கப்பாதையை, அந்த 9.7 கிலோமீட்டர் வெள்ள வடிகாலை, தோண்டியபோதும் பாதைக்கு மேலே சில இடங்களில் தரை உள்வாங்கியது. முகப்பில் அழுத்தத்தோடு சேற்றுக்குழம்பை நிரப்பிக்கொண்டே தோண்டும் எந்திரத்தை அங்கே பயன்படுத்தியதே நிலத்தடி நீரை இறங்கவிடக்கூடாது என்பதற்காகத்தான். ஆனால் முன்னால் ஒரு குகை குறுக்கிட்டால் அந்தக் குழம்பு அதற்குள் ஓடிவிடும், அழுத்தம் விழுந்துவிடும்.

இரட்டைக் கோபுரத்துக்கும் இந்தக் கல்லோடு ஒரு தகராறு உண்டு. முதலில் குறித்த இடத்தில் துளை போட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் கல் கிட்டத்தில் இருந்தது, மறுபக்கம் மிக ஆழத்துக்குப் போய்விட்டது. புதைந்துபோன ஒரு மலைச்சரிவின் விளிம்பு அது, உள்ளே பொந்துகளும் இருந்தன. ஒரு கால் கல்லிலும் ஒரு கால் மண்ணிலும் நின்றால் கட்டடம் சாயும். ஆகவே இரண்டு கோபுரங்களையும் வரைபடத்தில் ஏறக்குறைய அறுபது மீட்டர் தள்ளி வைத்தார்கள். அங்கேயும் கல்லைத் தொட முயலவில்லை. நூறு மீட்டருக்கு மேல் இறங்கும் தூண்களை மண்ணிலேயே ஊன்றி, மண்ணின் உராய்வு தாங்கும்படி விட்டுவிட்டார்கள். நாட்டின் மிகப் புகழ்பெற்ற கட்டடம் பாறையில் நிற்கவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

என் சித்தப்பா வீடு ஈப்போவில் பழைய ஈயக்குட்டை நிலத்துக்குப் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கொல்லையில் துணி காயப்போடும் கம்பம் சாய்ந்தது. கரையான் என்றார் சித்தி. பிறகு புல்லில் அரைவட்டமாக ஒரு வெடிப்பு தெரிந்தது. வெடிப்பு நேர்கோட்டில் ஓடாமல் வட்டமாக வளைந்தால் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன்பே ஒரு அறிகுறி இருந்திருக்கிறது. கொல்லைச் சாக்கடையில் மழைக்குப் பிறகும் தண்ணீர் தேங்கவில்லை, 'நல்லா வடியுது' என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அது வடிந்தது கீழே.

ஒரு வாரத்தில் வாளி அகலக் குழி விழுந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒரு லாரி மணல் கொட்டி மூடிவிட்டுப் போனார். இரண்டு மழைக்கு அந்த மணலைக் காணோம். இன்னொரு லாரி. அதுவும் போச்சு. வாய் திறந்த பிளவுக்கு மணல் ஒரு தீனியே இல்லை, தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடும். மூன்றாவதாக வந்த பெரியவர் விஷயம் தெரிந்தவர். குழியை அடிவரை தோண்டிக் கல்லின் வாயைத் தேடினார். முதலில் வாயில் நுழையாத பெரிய கற்கள், அதன்மேல் சின்னக் கற்கள், பிறகு சரளை, பிறகு மணல், கடைசியில் களிமண் என்று அடுக்கினார். ஒவ்வோர் அடுக்கும் மேலே இருப்பதை விழவிடாமல் பிடிக்கிறது, தண்ணீரை மட்டும் போகவிடுகிறது. உடைந்த சாக்கடையையும் மாற்றி வேறு பக்கம் திருப்பினார். இன்றுவரை கம்பம் நேராக நிற்கிறது. ஆனால் சித்தப்பா அந்தப் பக்கம் காரை நிறுத்துவதில்லை.

பயணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 'வெட்டி எடுத்துட்டாங்க' என்று சொன்னாளே, அவள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் அடுக்குமாடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடம். கூரையில் விரிசல் ஓரமாக வெள்ளைக் குழல்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்று அவள் கைச்சாண் நீளம். கூடவே ஒரு வரி: "சார், எங்க பில்டிங் கட்டி பன்னெண்டு வருஷம்தான் ஆகுது. உங்க கணக்குப்படி ஒரு மில்லிமீட்டர்தானே வளர்ந்திருக்கணும்?"

கணக்குத் தப்பில்லை, கல் வேறு. சிமெண்டுக்குள் வெற்றிலைச் சுண்ணாம்பே இருக்கிறது, கரையாத கார்பனேட் இல்லை. மழைநீர் விரிசல் வழியாக அதைத் தாராளமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. கூரையில் தொங்கும்போது அந்தத் துளி வாயுவை வெளியே விடுவதில்லை, சுற்றியிருக்கும் காற்றிலிருந்து உள்ளே இழுக்கிறது. குகையில் நடப்பது நம் சட்டியில் நடந்த மூன்றாவது கட்டம், கார் நிறுத்துமிடத்தில் நடப்பது உறிஞ்சுகுழலால் ஊதிய முதல் கட்டம். சரக்கு அதிகம் என்பதால் நூறு மடங்கு வேகத்திலும் வளரும். இதை அவளுக்கு எழுதிவிட்டு, அடியில் நிற்கும் காரை நகர்த்தச் சொன்னேன். அந்தத் துளி கடுங்காரம், பெயின்ட்டை அரித்துவிடும். அப்பாவின் கார்தானாம். வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே விழுந்துவிட்டதாம், துடைத்தால் போகவில்லையாம்.

"வினிகர் போட்டுப் பாக்கவா சார்?" என்று கேட்டாள். வினிகரைத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒத்தி, நுரை நின்றதும் உடனே கழுவிவிடச் சொன்னேன்.